அடங்கும் அதிர்விலிருந்து தணிப்பு விகிதம்

எஃகுப் பட்டை ஒன்றின் ஒரு முனையை வைஸில் இறுக்கி, மறுமுனையைக் கீழே இழுத்து விட்டால் அது மேலும் கீழும் ஆடி, கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். அது எவ்வளவு விரைவாக அடங்குகிறது என்பதைச் சொல்லும் எண்தான் தணிப்பு விகிதம். அதன் குறியீடு ζ. ஒரு பொருளை இழுத்து விட்டதும் ஒருமுறைகூட மறுபக்கம் போகாமல் நேரே பழைய இடத்துக்கு வந்து நிற்க எவ்வளவு தணிப்பு வேண்டுமோ, அதில் எத்தனை பங்கு உண்மையில் இருக்கிறது என்பதே இந்த விகிதம். ζ = 0.004 என்றால் அந்த அளவில் 250-இல் ஒரு பங்கு. சதவீதக் கணக்கில் 0.4%.

பட்டையின் நிறையையும் விறைப்பையும் அளவு நாடாவும் கால்குலேட்டரும் வைத்துக் கணக்கிட்டுவிடலாம். தணிப்பை அப்படிக் கணக்கிட வழியில்லை. அது எஃகுக்குள் கொஞ்சம், வைஸின் தாடைக்கும் பட்டைக்கும் நடுவே கொஞ்சம், காற்றில் கொஞ்சம், அளக்க ஒட்டிய கருவியின் கேபிளில் கொஞ்சம் என்று பரவிக் கிடக்கிறது. அதனால் ஆடவிட்டு அளந்துதான் ஆக வேண்டும். அதற்கு மிக எளிய வழி மடக்கைக் குறைவு. எளிய வழி என்பதாலேயே இதில் தவறான எண்ணும் எளிதாக வந்துவிடும். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பட்டையை எடுத்துக்கொண்டு, முதல் பதிவிலிருந்து கடைசி எண் வரை போவோம்.

சூத்திரம்

தணிப்பு, வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு அலைவிலும் வீச்சு ஒரே விகிதத்தில் குறையும். ஒரு முகட்டின் உயரம் 100 என்றும் அடுத்தது 97.6 என்றும் இருந்தால், அதற்கடுத்தது 97.6-இல் 97.6 சதவீதமாக இருக்கும். இந்த விகிதத்தின் இயல் மடக்கையே மடக்கைக் குறைவு, δ. அடுத்தடுத்த முகடுகளை மட்டுமல்ல, n அலைவு இடைவெளி உள்ள எந்த இரண்டு முகடுகளையும் எடுக்கலாம்.

```
δ = (1/n) · ln(A0 / An)
ζ = δ / √(4π² + δ²)
```

தணிப்பு குறைவாக இருக்கும்போது இரண்டாம் வரியை ζ = δ/2π என்று சுருக்கிவிடலாம். ζ 10 சதவீதமாக இருந்தால்கூட இந்தச் சுருக்கத்தால் வரும் பிழை அரை சதவீதம்தான். 20 சதவீதத்தில் அது 2 சதவீதமாகும். எஃகுப் பட்டை, பாலம், மின்கம்பம் போன்றவற்றுக்கு முழுச் சூத்திரம் தேவைப்படுவதில்லை.

இன்னொரு குறுக்குவழியை மனத்தில் வைத்துக்கொண்டால் கருவியைத் திறப்பதற்கு முன்பே தோராயமான விடை கிடைக்கும். வீச்சு பாதியாகக் குறைய எத்தனை அலைவு ஆகிறது என்று எண்ணுங்கள். 0.11-ஐ அந்த எண்ணால் வகுத்தால் வருவது ζ. திரையில் 28 அலைவில் பாதியானால் ζ ஏறக்குறைய 0.4%. கணினி 4% என்று சொன்னால் எங்கோ தசமப் புள்ளி நகர்ந்திருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பட்டையும் பிடியும்

நாம் எடுத்துக்கொள்ளும் பட்டை, கடையில் ஃப்ளாட் என்று கேட்டு வாங்கும் சாதாரண மைல்ட் ஸ்டீல். அகலம் 25 மி.மீ., தடிமன் 3 மி.மீ. வைஸுக்கு வெளியே நீட்டியிருக்கும் நீளம் 400 மி.மீ. இந்த அளவுக்கு முதல் இயல் அதிர்வெண் 15.3 ஹெர்ட்ஸ் என்று கணக்கு சொல்கிறது. முனையில் 10 கிராம் முடுக்கமானி ஒன்றை ஒட்டினால் அது 14.1 ஆகக் குறையும். அளந்தபோது 13.9 வந்தது என்று வைத்துக்கொள்வோம். வைஸ் முழு விறைப்பாக இல்லாததால் சற்றுக் குறைவது இயல்பு. கணக்குக்கும் அளவீட்டுக்கும் இதைவிடப் பெரிய இடைவெளி வந்தால் தணிப்பைப் பார்ப்பதற்கு முன் பிடியைப் பாருங்கள். வைஸே மேசையோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருக்கலாம்.

வெளியே நீட்டியிருக்கும் பகுதியின் எடை 235 கிராம்தான். ஆகவே கைபேசியை முனையில் கட்டி அதன் உள்ளிருக்கும் உணரியால் அளக்கலாம் என்ற யோசனையை இங்கே விட்டுவிடுங்கள். கைபேசி ஏறக்குறைய பட்டையின் எடையே இருக்கும். பிறகு நீங்கள் அளப்பது பட்டையை அல்ல, கைபேசி கட்டிய பட்டையை. பெரிய நடைபாலத்தின் மேல் வைத்து அளக்க அதே கைபேசி நன்றாகவே உதவும்.

முடுக்கமானியின் கேபிளை அந்தரத்தில் தொங்க விடக் கூடாது. பட்டையோடு ஒட்டிக் கொண்டுபோய், பிடியின் அருகே டேப் போட்டு நிறுத்த வேண்டும். தணிப்பு அரை சதவீதத்துக்கும் கீழே இருக்கும் பொருளில், ஆடும் கேபிள் உறிஞ்சும் ஆற்றல் பட்டையின் சொந்தத் தணிப்போடு போட்டி போடும் அளவுக்கு வரலாம். சந்தேகம் இருந்தால் கேபிளை வேறு விதமாக ஒட்டி மறுபடி அளந்து பாருங்கள். எண் மாறினால் கேபிளும் கணக்கில் புகுந்திருக்கிறது என்று பொருள்.

முனையில் நூல் கட்டி 4 மி.மீ. கீழே இழுத்து, நூலை வெட்டி விடுவதுதான் ஆடவிடும் முறை. விரலால் இழுத்து விடுவதைவிட இது மேல். விரல் விலகும்போது பட்டையை ஒரு கணம் தொட்டுக்கொண்டே போகும்.

பதிவின் தொடக்கம் ஏன் முரடாக இருக்கிறது

நூலை வெட்டியதும் திரையில் அழகான அலை வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். முதல் அரை விநாடி அலை முழுதும் ரம்பப் பற்களாக இருக்கும். உணரி கெட்டுவிட்டதோ, ஒட்டியது கழன்றுவிட்டதோ என்று பலர் இங்கேதான் நேரத்தை வீணாக்குகிறார்கள்.

காரணம் இதுதான். பட்டைக்கு முதல் அதிர்வுப் பாங்கு மட்டும் இல்லை. உணரி ஒட்டாத பட்டையில் இரண்டாவது பாங்கின் அதிர்வெண் முதலாவதைப் போல் 6.27 மடங்கு. முனையை இழுத்தால் பட்டை வளையும் வடிவத்தில் 97 சதவீதம் முதல் பாங்கு, இரண்டாவது பாங்குக்கு வெறும் இரண்டரை சதவீதம்தான் பங்கு. இடப்பெயர்ச்சியை அளந்தால் இது கண்ணில் படாது. ஆனால் நாம் அளப்பது முடுக்கம். முடுக்கம் அதிர்வெண்ணின் இருபடியோடு பெருகும். 6.27-இன் இருபடி 39. இரண்டரை சதவீதத்தை 39-ஆல் பெருக்கினால் இரண்டாவது பாங்கின் முடுக்கம் முதலாவதற்குச் சமமாகவே வந்து நிற்கிறது. உணரியின் எடை இதைச் சற்றுக் குறைக்கும் என்றாலும் முரட்டுத்தனம் போகாது. சுத்தியலால் தட்டினால் நிலைமை இன்னும் மோசம்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, காத்திருப்பது. இரண்டாவது பாங்கு ஒரு விநாடிக்கு ஆறு மடங்கு அலைவுகளை முடித்துவிடுவதால், ζ இரண்டுக்கும் ஒன்றே என்றாலும் அது முந்தி அடங்கிவிடும். இரண்டு, முதல் பாங்குக்கு மேலே, இரண்டாவதற்கு நன்றாகக் கீழே, 40 ஹெர்ட்ஸில் ஒரு தாழ்வடிகட்டி போடுவது. நான் இரண்டையும் சேர்த்தே செய்வேன். வடிகட்டி போட்டு, முதல் ஆறேழு அலைவுகளையும் ஒதுக்கிவிடுவேன். தொடக்கத்தில் வடிகட்டியும் தன் பங்குக்குக் கொஞ்சம் ஆடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. முதல் பாங்கை மட்டும் துல்லியமாக வெட்டி எடுக்கிறேன் என்று 13.9 ஹெர்ட்ஸைச் சுற்றி மிகக் குறுகிய அலைப்பட்டை வடிகட்டியைப் போடாதீர்கள். குறுகிய வடிகட்டி தானே ஓர் அதிரும் பொருளைப் போல நடந்துகொள்ளும். அதற்கும் அடங்க நேரம் எடுக்கும். நம் பட்டையின் ஒத்ததிர்வு அகலம் 2ζf, அதாவது 0.11 ஹெர்ட்ஸ். வடிகட்டியின் அகலம் இதற்குப் பக்கத்தில் வந்தால் நீங்கள் அளப்பது வடிகட்டியின் தணிப்பை. பத்து மடங்காவது அகலமாக இருக்கட்டும். இந்தப் பட்டைக்குத் தாழ்வடிகட்டியே போதும்.

எந்த முகடுகளை எடுப்பது

பாடப்புத்தகப் படங்களில் அடுத்தடுத்த இரண்டு முகடுகளை x1, x2 என்று குறித்திருப்பார்கள். அதை அப்படியே பரிசோதனைக்கூடத்தில் செய்தால் கெட்டது கணக்கு. நம் பட்டையில் δ ஏறக்குறைய 0.024. அதாவது ஒரு முகட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடு 2.4 சதவீதம்தான். ஒவ்வொரு முகட்டையும் படிப்பதில் 1 சதவீதப் பிழை வந்து, இரண்டும் எதிரெதிர்த் திசையில் விழுந்தால், 2.4-க்குப் பதில் 0.4 வரலாம், 4.4-உம் வரலாம். அதே பிழையோடு 40 அலைவு இடைவெளி உள்ள இரண்டு முகடுகளை எடுத்தால் பிழை 40-ஆல் வகுபட்டு, விடை 2 சதவீதத்துக்குள் வந்துவிடும்.

அப்படியானால் எவ்வளவு தூரம் போகலாம்? மிகத் தள்ளிப் போனால் முகடு இரைச்சலுக்குள் முங்கிவிடும். இரைச்சலின் அளவு பதிவு முழுவதும் ஒன்றே என்று வைத்துக் கணக்கிட்டால், கடைசி முகடு முதல் முகட்டில் மூன்றில் ஒரு பங்காக இருக்கும்போது δ-வில் பிழை மிகக் குறைவு. அதற்கு வேண்டிய அலைவுகள் ஏறக்குறைய 0.175/ζ. நம் பட்டைக்கு 45. மூன்றில் ஒன்று என்பது இரும்பு விதி அல்ல. பாதிக்கும் ஐந்தில் ஒன்றுக்கும் நடுவே எங்கே நிறுத்தினாலும் பெரிய இழப்பு இல்லை.

முகட்டைப் படிப்பதில் வரும் பிழைக்கு முக்கியக் காரணம் பல நேரங்களில் மாதிரி வீதம். விநாடிக்கு 200 மாதிரி எடுத்தால் இந்தப் பட்டைக்கு ஓர் அலைவுக்கு 14 மாதிரிதான் கிடைக்கும். உண்மையான உச்சி இரண்டு மாதிரிகளுக்கு நடுவே விழுந்தால் 2.4 சதவீதம் வரை குறைவாகப் படிப்போம். ஓர் அலைவில் நடக்கும் உண்மையான தேய்மானமும் அதே அளவு என்பதைக் கவனியுங்கள். ஓர் அலைவுக்கு 50 மாதிரி இருந்தால் இந்தப் பிழை 0.2 சதவீதத்துக்கு இறங்கும். இங்கே விநாடிக்கு 2000 மாதிரி எடுத்திருக்கிறோம். அது தாராளம்.

n-ஐ எண்ணும்போது ஓர் அலைவு தவறினால் 40-க்கு இரண்டரை சதவீதம் போய்விடும். முகடுகளை எண்ணிய பிறகு, முதல் முகட்டுக்கும் கடைசி முகட்டுக்கும் இடையிலான நேரத்தை அலைவு நேரத்தால் வகுத்துச் சரிபாருங்கள். 40 அலைவுக்கு 2.88 விநாடி வர வேண்டும்.

பட்டையின் எண்கள்

கீழே உள்ள வீச்சு, ஒரு முகட்டுக்கும் அதையடுத்த அகட்டுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி. ஏன் முகட்டை மட்டும் எடுக்கவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். பத்து அலைவுக்கு ஒன்றாக ஏழு வீச்சுகள்:

| n | வீச்சு A (மீ/வி²) | ln A | முந்தைய 10 அலைவில் δ | ζ (%) |
|---|---|---|---|---|
| 0 | 24.60 | 3.203 | – | – |
| 10 | 18.04 | 2.893 | 0.0310 | 0.49 |
| 20 | 13.70 | 2.617 | 0.0275 | 0.44 |
| 30 | 10.65 | 2.366 | 0.0252 | 0.40 |
| 40 | 8.35 | 2.122 | 0.0243 | 0.39 |
| 50 | 6.56 | 1.881 | 0.0241 | 0.38 |
| 60 | 5.16 | 1.641 | 0.0240 | 0.38 |

முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் சூத்திரத்தில் போட்டால் δ = (3.203 − 1.641)/60 = 0.0260. அப்போது ζ = 0.41%. பல அறிக்கைகள் இத்தோடு முடிந்துவிடும். ஆனால் கடைசி நிரலைப் பாருங்கள். தொடக்கத்தில் 0.49, முடிவில் 0.38. இடையில் உள்ள 0.41 எந்த இடத்துக்கும் முழுதாகப் பொருந்தாத ஒரு சராசரி. இரண்டு முகடுகளை மட்டும் பார்ப்பவருக்கு இந்த இறக்கம் தெரியவே தெரியாது.

அதனால்தான் n-ஐக் கிடைமட்டத்திலும் ln A-வைச் செங்குத்திலும் குறித்து வரைபடம் போட வேண்டும் என்கிறேன். சூத்திரத்தின் அடிப்படை அனுமானம் உண்மையானால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் விழும். அந்தக் கோட்டின் சரிவுதான் −δ. கோடு வளைந்தால், எண் எதையும் எழுதுவதற்கு முன் வளைவுக்குக் காரணம் தேட வேண்டும். வரைபடம் போடாமல் மடக்கைக் குறைவு சொல்வதை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

வளைவைப் படிப்பது

நம் கோடு தொடக்கத்தில் செங்குத்தாக இறங்கி, 20-ஆம் அலைவுக்குப் பிறகு ஏறக்குறைய நேராகிறது. இதற்கு இரண்டு விளக்கம் இருக்கலாம். ஒன்று, வடிகட்டிக்குத் தப்பிய மேல் பாங்கோ வடிகட்டியின் தொடக்க ஆட்டமோ முதல் சில முகடுகளை உயர்த்திக் காட்டுகிறது. இன்னொன்று, வீச்சு பெரிதாக இருக்கும்போது பட்டையின் தணிப்பே உண்மையில் அதிகம்.

இரண்டையும் பிரிக்க ஒரு சோதனை போதும். இன்னொரு முறை பாதி அளவு மட்டும் இழுத்து விடுங்கள். முதல் விளக்கம் சரியென்றால் வளைவு மறுபடியும் தொடக்க அலைவுகளிலேயே வரும். வீச்சோடு அல்ல, நேரத்தோடு ஒட்டிய கோளாறு அது. இரண்டாவது விளக்கம் சரியென்றால், சிறிய வீச்சில் தொடங்கும் பதிவு தொடக்கத்திலிருந்தே சின்ன δ-வைக் காட்டும். நம் பட்டையை 2 மி.மீ. மட்டும் இழுத்து விட்டதில் 13.40-இலிருந்து பத்து அலைவில் 10.44 ஆனது. δ = 0.0250. பெரிய பதிவின் முதல் பத்து அலைவில் இருந்த 0.0310 இங்கே இல்லை. அதே வீச்சுப் பகுதியில், அதாவது 13.70-இலிருந்து 10.65 வரை, பெரிய பதிவு காட்டிய 0.0252-க்கே இது ஒத்துப்போகிறது. ஆக, தணிப்பு வீச்சைப் பொறுத்தது. கருவியின் குறை அல்ல.

வீச்சோடு தணிப்பு கூடுவதற்கு முதல் சந்தேகம் பிடியின் மேல் விழ வேண்டும். பட்டை அதிகமாக வளையும்போது தாடையின் விளிம்பில் பட்டையின் மேற்பரப்பு நுண்ணளவில் வழுக்குகிறது. வீச்சு குறைந்தால் வழுக்கும் பரப்பும் குறைகிறது. காற்றுத் தடையும் வீச்சோடு கூடக்கூடியதுதான். ஆனால் இவ்வளவு கனமான, குறைந்த வேகத்தில் ஆடும் எஃகுப் பட்டையில் அதன் பங்கு சிறியது. ஒரு அட்டையை முனையில் ஒட்டினால் கதை வேறு. பிடிதான் காரணமா என்று பார்க்க வைஸை இன்னும் இறுக்கி, தாடைக்கும் பட்டைக்கும் நடுவே சமமான தகடுகள் வைத்து மறுபடி அளக்கலாம். தொடக்கப் பகுதியின் ζ இறங்கினால் குற்றவாளி கிடைத்துவிட்டான்.

வளைவு எதிர்த்திசையிலும் வரும். முதலில் மெதுவாக இறங்கி, முடிவில் சட்டென்று கீழே சரிந்தால் உலர் உராய்வு இருக்கிறது. தளர்ந்த போல்ட், உரசும் மூடி, கீல் போன்றவை. உராய்வில் ஒவ்வொரு அலைவுக்கும் வீச்சு விகிதமாகக் குறையாமல் ஒரே அளவு குறையும். அதனால் மடக்கை எடுக்காத சாதாரண வரைபடத்தில் முகடுகள் நேர்கோட்டில் விழும். அப்படி விழுந்தால் ζ என்ற எண்ணுக்கே அங்கே பொருள் இல்லை. ஓர் அலைவுக்கு எத்தனை மி.மீ. குறைகிறது என்று எழுதுவதே நேர்மை.

கோடு வளையாமல் ஏறி இறங்கி அலையடித்தால் அருகருகே இரண்டு அதிர்வெண்கள் கலந்திருக்கின்றன. தட்டைப் பட்டையில் இந்தத் தொல்லை இல்லை. அகலவாக்கில் அதன் அதிர்வெண் எட்டு மடங்குக்கும் மேல். உருண்டைக் கம்பியிலும் சதுரக் குழாயிலும் விளக்குக் கம்பத்திலும் இரண்டு திசை அதிர்வெண்களும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் விம்மல் வரும். ஒரு திசையில் இழுத்துவிட்டால் ஆட்டம் மெல்லச் சுழன்று மறுதிசைக்குப் போய்த் திரும்பும். விம்மலின் இறங்கும் பகுதியை மட்டும் வைத்து ζ கண்டால் விடை பல மடங்கு கூடுதலாக வரும். அங்கே மடக்கைக் குறைவை விட்டுவிட்டு இரண்டு அதிர்வுகளையும் சேர்த்துப் பொருத்தும் வேறு முறைக்குப் போக வேண்டும்.

பூச்சியம் எங்கே இருக்கிறது

முகட்டையும் அகட்டையும் சேர்த்து எடுத்ததற்குக் காரணம் இதுதான். உணரியின் பூச்சியக் கோடு உண்மையான பூச்சியத்தில் இருப்பது அபூர்வம். புவியீர்ப்பை முழுதாகக் கழிக்காமல் விட்டிருப்போம், அல்லது மின்சுற்று சற்று நகர்ந்திருக்கும். நம் பதிவில் இந்த நகர்வு 0.30 மீ/வி² என்று கொள்வோம். 24.6-க்கு முன் 0.3 கண்ணில் படாது. 20-ஆம் அலைவில் முகடு 13.70-க்குப் பதில் 14.00 என்றும், 60-இல் 5.16-க்குப் பதில் 5.46 என்றும் படிக்கும். முகடுகளை மட்டும் வைத்தால் δ = 0.0235. சரியான விடை 0.0244. வேறுபாடு 4 சதவீதம். இதே தொடரை 120-ஆம் அலைவு வரை கொண்டுபோனால் உண்மை வீச்சு 1.22, படிப்பது 1.52. இப்போது குறை 8 சதவீதமாகிவிடும். மேலும் நீட்ட நீட்ட ζ குறைந்துகொண்டே போகும்.

இந்தக் கோளாறின் கையொப்பம் வரைபடத்தின் வால் பகுதியில் இருக்கிறது. முகடுகளை மட்டும் வைத்துப் போட்ட கோடு ஒரு பக்கம் விலகும், அகடுகளை மட்டும் வைத்துப் போட்ட கோடு எதிர்ப்பக்கம் விலகும். இரண்டையும் சேர்த்துப் பாதி எடுத்தால் நகர்வு தானாகக் கழிந்துவிடும். அகடு அரை அலைவு பிந்தி வருவதால் வீச்சு சற்றுக் குறையுமே என்று கேட்கலாம். எல்லா இணைகளிலும் அது ஒரே விகிதத்தில் குறைகிறது. கோடு முழுதாகக் கீழிறங்கும், சரிவு மாறாது.

இரைச்சலும் வாலைத் தூக்கிக் காட்டும். ஆனால் அது முகடுகளையும் அகடுகளையும் ஒருசேர உயர்த்தும், சேர்த்துக் கழித்தாலும் போகாது. பட்டை அசையாமல் இருக்கும்போது ஒரு பதிவு எடுத்து இரைச்சலின் உயரத்தைத் தெரிந்துகொண்டு, அதைப் போல் பத்து மடங்குக்குக் கீழே உள்ள முகடுகளைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது என் வழக்கம்.

கணினியில்

விடுவித்த கணத்துக்குப் பின் உள்ள பகுதியை மட்டும் வெட்டி, pattai.csv என்ற கோப்பில் ஒரே நிரலாக வைத்திருக்கிறோம் என்று கொண்டால் வேலை இவ்வளவுதான்:

```python
import numpy as np
from scipy.signal import butter, sosfiltfilt, find_peaks

fs, f1 = 2000, 13.9
a = np.loadtxt("pattai.csv")
sos = butter(4, 40, fs=fs, output="sos")
a = sosfiltfilt(sos, a)

gap = int(0.7 * fs / f1)
up, _ = find_peaks(a, distance=gap)
dn, _ = find_peaks(-a, distance=gap)
m = min(len(up), len(dn))
A = (a[up[:m]] - a[dn[:m]]) / 2
n = np.arange(m)

use = (A < 13.8) & (A > 5.0)
d = -np.polyfit(n[use], np.log(A[use]), 1)[0]
print(d, d / np.hypot(2 * np.pi, d))
```

use என்ற வரியில் உள்ள 13.8, 5.0 ஆகிய எல்லைகளைக் கணினி தராது. வரைபடத்தைப் பார்த்து, கோடு நேராக இருக்கும் பகுதியை நாமே தேர்ந்து எழுத வேண்டும். நம் அட்டவணையில் 20 முதல் 60 வரையுள்ள ஐந்து புள்ளிகளுக்குக் கையால் நேர்கோடு பொருத்தினால் சரிவு −0.0244 வருகிறது. ζ = 0.0244/6.283 = 0.0039.

இந்த விடையை எழுதும்போது வீச்சையும் சேர்த்து எழுதுங்கள்: முனை வீச்சு 1.8 மி.மீ. முதல் 0.7 மி.மீ. வரை, 13.9 ஹெர்ட்ஸில், ζ = 0.39%. வீச்சு 3 மி.மீ. அருகே 0.49%. முடுக்கத்தை 2πf-இன் இருபடியால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் மில்லிமீட்டர் கிடைக்கும். வீச்சைச் சொல்லாத தணிப்பு விகிதம் பாதித் தகவல்தான். கட்டடங்களில் இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது. நிலநடுக்க வடிவமைப்புக்கான இந்தியத் தர நிர்ணயம் IS 1893, 2016-ஆம் ஆண்டுப் பதிப்பில், கட்டடங்களுக்கு 5% தணிப்பை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. காற்றிலோ சிறு தட்டலிலோ ஆடும் கட்டடத்தை அளந்து 1% வந்தால், தர நிர்ணயம் தவறு என்றோ கட்டடம் கெட்டது என்றோ முடிவு கட்டிவிடக் கூடாது. 5% என்பது விரிசல் விட்டு, இணைப்புகள் வழுக்கும் அளவுக்குப் பலமாகக் குலுங்கும் நிலைக்கான எண். சின்ன ஆட்டத்தில் அளந்த எண்ணை அந்த இடத்தில் வைக்க முடியாது. அதேபோல் அந்த 5%-ஐக் கொண்டுவந்து, ஆள் நடக்கையில் அதிரும் தளத்தின் கணக்கில் வைக்கவும் முடியாது.

தணிப்பு மிக அதிகமாக இருக்கும் பொருள்களுக்கு இந்த வழி வேலை செய்யாமல் போகும் இடம் ஒன்று உண்டு. கார் சஸ்பென்ஷனில் ζ 0.3 அளவுக்கு இருக்கலாம். அப்போது ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு 14 சதவீதமாகவும், அதற்கடுத்தது 2 சதவீதமாகவும் குறைந்துவிடும். கோடு போட மூன்றாவது புள்ளியே கிடைக்காது. முகட்டையும் அடுத்த அகட்டையும் மட்டும் எடுத்து, அரை அலைவுக்கான மடக்கையை இரட்டித்து δ காணலாம், முழுச் சூத்திரத்தால் ζ பெறலாம். ஆனால் இரண்டே புள்ளி இருக்கும்போது பூச்சியக் கோட்டைத் தனியாக, வண்டி முழுதும் நின்ற பிறகு எடுத்த பதிவிலிருந்து கழித்தாக வேண்டும். சஸ்பென்ஷனின் தணிப்பான் மேலே போகும்போது ஒரு விசையும் கீழே வரும்போது வேறொரு விசையும் கொடுக்கும்படி செய்யப்பட்டிருக்கும். அதனால் முதல் அசைவு மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்பதைப் பொறுத்தே விடை மாறும். இரண்டு திசையிலும் அளந்து, இரண்டு எண்களையும் தனித்தனியாக எழுதுங்கள்.